பதினேழு ரூபாய் குறைகிறது

இரவு பத்தரை மணிக்கு டிப்போவின் கேஷ் கவுண்டரில் ஒரு நடத்துநர் தோல்பையைக் கவிழ்க்கிறார். நூறு ரூபாய் நோட்டுகள் ஒரு பக்கம், கசங்கிய பத்து ரூபாய்கள் ஒரு பக்கம், சில்லறை தனிக் குவியல். எண்ணி முடித்தால் 9,329 ரூபாய். இன்வாய்ஸில் வந்த கூட்டுத்தொகையோ 9,346.

"அண்ணாச்சி, பதினேழு ரூவா குறையுதே" என்கிறார் கவுண்டருக்குள் இருப்பவர்.

"இன்னொரு தடவ எண்ணுதேன், தம்பி."

மறுபடி எண்ணினாலும் அதே பதினேழு. தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் ஒரு புறநகர்ப் பேருந்து என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் கருவி வருவதற்கு முன், காகிதக் கட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த காலம். இங்கே வரும் கட்டணங்களும் எண்களும் கணக்கை விளக்குவதற்கானவை. முறை மட்டும் அப்படியே நடைமுறையில் இருந்தது.

நடத்துநர் விற்ற டிக்கெட்டை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. ஒவ்வொரு விலைக்கும் ஒரு கட்டு உண்டு. அதில் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். காலையில் கட்டின் மேலே தெரியும் எண்ணை இன்வாய்ஸில் எழுதுகிறார். இரவில் மேலே தெரியும் எண்ணை மறுபடி எழுதுகிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விற்பனை. பதினேழு ரூபாய்க் கட்டில் காலையில் 214, இரவில் 302. ஆக 88 டிக்கெட், 1,496 ரூபாய். இப்படி எல்லா விலைகளையும் கணக்கிட்டுக் கூட்டினால், அவர் கட்ட வேண்டிய தொகை வந்துவிடும். அந்தத் தொகையை முடிவு செய்வது கட்டுதான். பையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை.

அதனால் கட்டிலிருந்து போன ஒவ்வொரு தாளுக்கும் நடத்துநர் பொறுப்பு. கிழிந்து விழுந்தாலும், காற்றில் பறந்தாலும், ஒருவருக்கே இரண்டு போய்விட்டாலும், எண் நகர்ந்துவிட்டால் அது விற்ற டிக்கெட்தான்.

குறைவு எங்கே வந்தது என்பதைத் தொகையே ஓரளவு சொல்லும். அனுபவமுள்ளவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இருபது ரூபாயை ஐம்பது என்று நினைத்து மீதி கொடுத்திருந்தாலோ, நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றும்போது பத்து கூடப் போயிருந்தாலோ, துண்டு பெரும்பாலும் பத்து, முப்பது, ஐம்பது என்று முழு எண்ணாக நிற்கும். எண்ணை எழுதும்போது இலக்கம் இடம் மாறியிருந்தால் அதற்கு வேறு அடையாளம் உண்டு. 302-ஐ 320 என்று எழுதிவிட்டால் 18 டிக்கெட் கூடுதலாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறினால் பிழை எப்போதும் ஒன்பதின் மடங்கில்தான் வரும். 18 டிக்கெட் என்றால் 306 ரூபாய். நம்மவருக்கு விழுந்த துண்டு பதினேழே ரூபாய். அவர் கையில் இருந்த மற்ற சிறு கட்டுகள் 5, 8, 11 ரூபாய். இவற்றை எப்படிக் கூட்டினாலும் 17 வராது. ஆகவே குறைவது ஒரே ஒரு பதினேழு ரூபாய் டிக்கெட்.

இரண்டு வழிகளில் அது நடந்திருக்கலாம். கூட்டத்தில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறந்திருக்கலாம். அல்லது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கிழிந்திருக்கலாம்.

இன்வாய்ஸைப் பின்னோக்கிப் படித்தால் எதுவென்று தெரியும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் எல்லாக் கட்டுகளின் எண்ணையும் எழுதி 'ஸ்டேஜ் குளோஸ்' செய்ய வேண்டும். கடைசி நடையில் தென்காசியில் கிளம்பும்போது பதினேழு ரூபாய்க் கட்டு 271. பாவூர்சத்திரத்துக்கு முன் அதை மூடியபோது 280. அதுவரை எல்லா விலையிலுமாக 47 டிக்கெட் போயிருந்தது. யாரும் இறங்கவில்லை. பாஸ்காரர்களை விட்டுத் தலையை எண்ணியபோது 46 பேர்தான் இருந்தார்கள். பின் சீட்டில் யாரோ குனிந்திருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டார். காசு வாங்க மறந்திருந்தால் தலையும் டிக்கெட்டும் சரியாகவே இருந்திருக்கும். தலை ஒன்று குறைந்ததால் ஒரே கைக்கு இரண்டு டிக்கெட் போயிருக்கிறது.

அது சாரல் காலம். குற்றாலத்து மலையை ஒட்டிய ஊர்களில் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை அடிக்கடி தூறிக்கொண்டிருக்கும். ஜன்னல் ஷட்டர் வழியாக உள்ளே வரும் ஈரம் மெல்லிய டிக்கெட் தாளில் இறங்கும். விரலை நாக்கில் தொட்டுக் கிழிக்கும் பழக்கமும் சேர்ந்தால் அடுத்த தாளும் கூடவே வந்துவிடும். வாங்கியவர் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஆலங்குளத்தில் இறங்கும்போது இரண்டையும் கசக்கிப் போட்டிருப்பார்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் பணம் வராது. துண்டு விழுந்ததை நடத்துநர் கையிலிருந்து கட்ட வேண்டும். பணம் அதிகமாக இருந்தால் அது கழகத்துக்குப் போகும். மீதி வாங்காமல் இறங்கிய பயணியின் எட்டு ரூபாய் அவருடையதாகாது.

இதில் வெளியிலிருப்பவர்களுக்கு எளிதில் படாத ஒன்று உண்டு. கவுண்டரில் பணம் குறைவது திருட்டின் அடையாளமே அல்ல. காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காமல் விடுபவருக்கும், கீழே கிடந்த பழைய டிக்கெட்டை எடுத்து மறுபடி விற்பவருக்கும் இரவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கட்டின் எண் நகரவில்லை, அதனால் கணக்கு கச்சிதமாக இருக்கும். டிப்போவில் உட்கார்ந்து எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் அதைப் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் பரிசோதகர்கள் நடுவழியில் ஏறுகிறார்கள். பயணிகளின் டிக்கெட் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிடுகிறார்கள், தலையை எண்ணுகிறார்கள், பையில் உள்ள பணத்தையும் எண்ணுகிறார்கள். அங்கே சந்தேகம் வருவது பணம் கூடுதலாக இருக்கும்போதுதான். நடத்துநர் வீட்டிலிருந்து கொண்டுவரும் சொந்தப் பணத்தை நடை தொடங்குமுன்பே எழுதிக் காட்ட வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. காலையில் எழுத மறந்த சொந்த நூறு ரூபாய், இரவில் கட்டும் பதினேழைவிடப் பெரிய ஆபத்து.

அந்த ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெல்லியில் ஒரு வழக்கு உண்டு. 1973-இல் டெல்லிப் போக்குவரத்துக் கழக நடத்துநர் ஒருவர் ஒரு பெண் பயணியிடம் 15 காசு வாங்கிக்கொண்டு 10 காசு டிக்கெட் கொடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. வித்தியாசம் ஐந்து காசு. 1976-இல் வேலை போனது. 1990-இல் தொழிலாளர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கழகம் மேலே போனது, வழக்கு 2016 வரை நடந்தது. ஐந்து காசுக்காக ஒரு மனிதரின் வாழ்நாளில் பாதி போனதை நினைத்தால் மனம் கனக்கிறது.

டிக்கெட் கருவியில் தாள் இரட்டையாகக் கிழிய வழியில்லை, கூட்டலும் தானே வந்துவிடும். ஆனால் ஊரையோ ஆள் எண்ணிக்கையையோ தவறாக அழுத்தி அச்சடித்துவிட்டால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். பழைய காலத்தில் ஈரத்தாள் செய்ததை இப்போது விரல் செய்கிறது.

நம் நடத்துநர் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினார். தம்பி மூன்று ரூபாய் திருப்பிக் கொடுத்து 9,346-க்கு ரசீது போட்டார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, பெட்டியிலிருந்து எடுத்த பதினேழு ரூபாய்க் கட்டைச் சீட்டுக்கட்டு போலக் கட்டைவிரலால் ஒருமுறை விசிறிவிட்டார். ஒட்டியிருந்த தாள்கள் பிரிந்தன. மேல் எண்ணைப் பார்த்து இன்வாய்ஸில் எழுதினார்: 302.