யாழினியின் ழகரம்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், உட்காருங்கம்மா. உங்கள் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் YAZHINI என்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது நீங்கள் கொடுத்த ஆதாரில் YALINI. பள்ளியில் ஆதாரைப் பார்த்தே எழுதிவிட்டார்கள். இப்போது அவள் பத்தாம் வகுப்பு. நல்லவேளை, இப்போதே கண்ணில் பட்டது.

விண்ணப்பத்தில் ‘பெயர் மாற்றம்’ என்று எழுதாதீர்கள். பெயர் மாற்றம் என்பது வேறு வேலை. அதற்கு அரசிதழில் வெளியிட வேண்டும். உங்கள் மகளின் பெயர் மாறவே இல்லை. பிறந்தபோது பதிந்த பெயரைப் பள்ளி ஆவணத்தில் தவறாக எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே ‘எழுத்துப்பிழைத் திருத்தம்’ என்றே எழுதுங்கள். இந்தச் சொல் பிசகியதால் பல மாதம் அலைந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதம் தலைமையாசிரியருக்கு. மகளின் வகுப்பு, சேர்க்கை எண், எமிஸ் எண் குறிப்பிட்டு, பதிவேட்டில் உள்ளபடி ஒரு வரி, இருக்க வேண்டியபடி ஒரு வரி, இரண்டையும் பெரிய எழுத்தில் கீழ்க்கீழாக எழுதுங்கள். படிப்பவர் எழுத்தோடு எழுத்தாக ஒப்பிட வேண்டும் அல்லவா? பிறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, மூலத்தையும் கையில் கொண்டுபோங்கள். கடிதத்தை இரண்டு படியாக எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் திருந்த வேண்டியது சேர்க்கைப் பதிவேடு. மாற்றுச் சான்றிதழ் எழுதுவது அதைப் பார்த்துத்தான். பழைய எழுத்தைச் சுரண்டவோ வெள்ளை பூசவோ கூடாது. படிக்கும்படி கோடு போட்டு, சரியான பெயரை எழுதி, ஆதாரத்தைக் குறிப்பிட்டு, தலைமையாசிரியர் தேதியோடு கையெழுத்திட வேண்டும். அடுத்தது எமிஸ். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் அதிலிருந்துதான் போகிறது. பதிவேட்டை மட்டும் திருத்திவிட்டு எமிஸை மறந்தால், மதிப்பெண் சான்றிதழில் பழைய பிழையே அச்சாகி வரும். அதனால் பட்டியல் அனுப்புமுன் சரிபார்க்கக் கொடுக்கும்போது மகளையே ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள்; தமிழில் ழ, ஆங்கிலத்தில் ZH, அப்பா பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி.

உங்கள் அக்கா மகன் கதை கொஞ்சம் கடினம். அவனுக்குப் பிழையோடு மதிப்பெண் சான்றிதழே கைக்கு வந்துவிட்டது. அதைப் பள்ளியில் யாரும் பேனாவால் திருத்த முடியாது, திருத்தினால் செல்லாது. தலைமையாசிரியரின் கடிதம், சேர்க்கைப் பதிவேட்டு நகல், பிறப்புச் சான்றிதழ், மூலச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். அதுவரை சான்றிதழை லேமினேஷன் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒருவேளை பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால், பள்ளிக்கு வருமுன் பிறப்பைப் பதிந்த அலுவலகத்துக்குப் போங்கள். உங்களிடம் அது சரியாக இருக்கிறது. அதைக் காட்டி ஆதாரையும் திருத்திவிடுங்கள். இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது யாராவது மறுபடியும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.