இரண்டாவது தட்டல்

முதியவர்களுக்கான செயலி என்றதும் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பெரிதாக்க வேண்டியதுதான். ஆனால் எழுபது வயதுக்காரர் போனை மகனிடம் நீட்டும்போது "எழுத்து தெரியலைப்பா" என்று மட்டுமா சொல்கிறார்? "எதையோ அமுக்கிட்டேன், என்னமோ ஆயிடுச்சு" என்பதைத்தான் அதிகம் கேட்கிறோம். அந்த 'என்னமோ' எப்படி ஆகிறது?

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு மணி அடிக்கிறது. திரையில் மாத்திரையின் பெயர், அதன் கீழே 'சாப்பிட்டேன்' என்ற பொத்தான். அம்மா அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை.

விரல் கண்ணாடியைத் தொட்டதிலிருந்து எடுக்கும்வரை எவ்வளவு நகர்கிறது என்பதை போன் கவனிக்கிறது. மேலும் கீழும் நகரக்கூடிய பக்கமாக இருந்தால், ஆண்ட்ராய்டில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி விரல் வழுக்கினாலும், 'இவர் பக்கத்தைத் தள்ளுகிறார்' என்று முடிவுகட்டி, தட்டலைக் கணக்கில் எடுக்காது. லேசாக நடுங்கும் விரலுக்கு ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. ஆகவே அந்தப் பொத்தான் நகரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. திரையின் அடியில் அசையாமல் நிற்க வேண்டும். அளவும் தாராளமாக வேண்டும். கூகுள் பரிந்துரைக்கும் குறைந்தபட்சம் 48 அலகு, அதாவது முக்கால் சென்டிமீட்டர் சொச்சம். இங்கே அதைப்போல் இரண்டு மடங்கு உயரம் கொடுத்தாலும் தப்பில்லை.

தேர்வுகளைக் குறைக்க வேண்டிய அவசியமும் இங்கேதான் வருகிறது. போனில் எழுத்தை இரண்டு மடங்காக்கி வைத்திருக்கும் ஒருவரின் திரையில், மாத்திரை பெயரும் இரண்டு பொத்தான்களும் வைத்தாலே இடம் தீர்ந்துவிடும். வாராந்திர வரைபடம், உடல்நலக் குறிப்பு, பகிரும் வசதி எல்லாம் வெளியேற வேண்டியவை. மாத்திரைகளைச் சேர்ப்பது, நேரம் மாற்றுவது போன்ற வேலைகளைத் தனிப் பக்கத்தில் வைத்துவிடலாம். பெரும்பாலும் பிள்ளைகள்தான் அதைத் திறப்பார்கள். தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பொத்தானின் உயரத்தை மாறாத அளவாக வைத்துவிட்டால், எழுத்து பெரிதாகும்போது 'டி'யின் மேல்சுழியும் 'கு'வின் கீழ்வளைவும் வெட்டுப்படும். எழுத்தோடு சேர்ந்து பொத்தானும் வளர வேண்டும்.

அம்மாவிடம் திரும்புவோம். இந்த முறை தட்டல் பதிவாகிவிட்டது, ஆனால் போன் பழையது. அடுத்த திரை வர ஒரு வினாடி ஆகிறது. விழவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு முறை, முன்னைவிட அழுத்தமாகத் தட்டுகிறார். அதற்குள் புதிய திரை வந்துவிட்டது. அதே இடத்தில் இப்போது இருப்பது 'இரவு மாத்திரையையும் குறி'. எல்லாவற்றையும்விட மோசமான பிழை இந்த இரண்டாவது தட்டல்தான். இரவு மணி அடிக்காது, மாத்திரை விட்டுப்போகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இதற்கான மருந்து எளிது. தொட்ட கணமே பொத்தான் நிறம் மாறி, போன் லேசாக அதிர வேண்டும். புதிய திரை வந்த முதல் ஒரு வினாடிக்கு எந்தத் தட்டலையும் ஏற்கக் கூடாது. விரல் சற்றுமுன் இருந்த இடத்தில் விளைவுள்ள எதையும் வைக்கக் கூடாது.

அப்படியும் தவறு நேரும். 'உறுதியாகவா?' என்று கேட்டால் பயந்தவர் இன்னும் பயப்படுவார், பழகியவர் படிக்காமலே 'ஆம்' என்பார். செய்ததைத் திரும்பப் பெற வழி கொடுப்பதே மேல். ஆண்ட்ராய்டில் அதற்கென்று கீழே தோன்றும் பட்டை வழக்கமாக மூன்று வினாடிகூட நிற்பதில்லை. கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் போய்விடும். 'காலை 8.04க்குச் சாப்பிட்டதாகக் குறித்தாயிற்று. தவறு என்றால் மாற்றவும்' என்ற வரி நாள் முழுக்க நிற்கட்டும். மணி, நிமிடம் தெரிவது முக்கியம். சந்தேகத்தில் இரண்டாம் முறை விழுங்கிவிடாமல் காப்பது அதுதான். பணம் அனுப்பும் செயலிக்கு இது பொருந்தாது. போன பணம் திரும்பாது என்பதால், அங்கே பெயரையும் தொகையையும் பெரிதாகக் காட்டி ஒருமுறை கேட்டே ஆக வேண்டும்.

செயலி சரியா என்று சோதிக்க, ஆண்ட்ராய்டின் Developer options பகுதியில் Show taps என்பதை இயக்கிவிட்டு, ஒரு பெரியவரிடம் போனைக் கொடுத்து வாய்மூடி உட்கார வேண்டும். விரல் பட்ட இடத்தில் வட்டம் தெரியும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து வட்டம் விழுந்தால் பதில் தாமதமாக வருகிறது. பொத்தானின் ஓரத்திலேயே விழுந்துகொண்டிருந்தால் பொத்தான் சிறியது. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதில் பயனில்லை; மரியாதைக்கு "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள்.

செயலி செய்கிறவர் திருந்தும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஐபோனில் ஒரு வழி இருக்கிறது. Settings-இல் Accessibility, Touch, Touch Accommodations என்று போனால் Ignore Repeat கிடைக்கும். அடுத்தடுத்த தட்டல்களை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும் என்பது அதன் வசதி. வேகமாக டைப் செய்கிற தாத்தாவுக்கு மட்டும் எழுத்துகள் விட்டுப்போகும். அவருக்கு அதை அணைத்தே வையுங்கள்.