நூறில் ஒரு நாள்

2007-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் யூ.பி.எஸ். வங்கி, தன் வர்த்தகத்தில் ஒரு நாள் நஷ்டம் எவ்வளவு வரை போகலாம் என்று கணித்து வைத்திருந்த எல்லையை 29 நாட்களில் தாண்டியது. கணக்குப்படி ஆண்டுக்கு இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே அப்படி நேர வேண்டும். அடுத்த ஆண்டு அது 50 நாட்களானது.

அந்த எல்லையின் பெயர் 'வேல்யூ அட் ரிஸ்க்'. சுருக்கமாக 'வார்' என்பார்கள். 1990-களில் ஜே.பி. மோர்கன் வங்கி இந்த முறையைப் பரப்பியது. நாள் முடிவில் வங்கியின் அபாயம் முழுவதையும் ஒரே தொகையாக மேலிடத்தின் மேசையில் வைக்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. 1996-இல் பாசல் குழு, வங்கிகள் சந்தை அபாயத்துக்கு ஒதுக்க வேண்டிய மூலதனத்தை இதை வைத்தே கணக்கிடலாம் என்று அனுமதித்தது.

கணக்கு ஒன்றும் சிக்கலானதல்ல. ஒரு நிறுவனத்திடம் ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பங்குகளும் பத்திரங்களும் இருப்பதாகக் கொள்வோம். கடந்த 500 வர்த்தக நாட்களின் விலை மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது இன்று நிகழ்ந்தால் என்ன நஷ்டம் என்று பார்க்கிறார்கள். வரும் 500 விடைகளைப் பெரிய நஷ்டத்திலிருந்து வரிசைப்படுத்துகிறார்கள். 500-இல் ஒரு சதவீதம் ஐந்து. ஐந்தாவது பெரிய நஷ்டம் 30 கோடி என்றால், அதுதான் 99 சதவீத வார்: நூறு நாளில் 99 நாள் நஷ்டம் 30 கோடிக்குள் அடங்கும்.

அந்த வரிசையில் முதல் நான்கு இடங்களில் என்ன இருக்கிறது என்பதை இந்த எண் சொல்வதே இல்லை. அவை 31, 33, 34, 36 கோடியாக இருந்தாலும் 30 கோடிதான். 100, 200, 300, 400 கோடியாக இருந்தாலும் அதே 30 கோடிதான். அதிகபட்ச நஷ்டம் 30 கோடி என்று இதைப் படிப்பவர் முற்றிலும் தவறாகப் படிக்கிறார். அது நூறில் ஒரு மோசமான நாளின் வாசற்படி மட்டுமே. உள்ளே எவ்வளவு ஆழம் என்பது அந்த எண்ணில் இல்லை. சந்தைச் சரிவு நடப்பதோ அந்த வாசலுக்கு உள்ளேதான்.

இரண்டாவது ஓட்டை, பழைய நாட்களையே நம்பியிருப்பது. யூ.பி.எஸ். விழுந்தது இங்கேதான். அமெரிக்க வீட்டுக் கடன்களைக் கட்டிக் கோத்து உருவாக்கிய சி.டி.ஓ. பத்திரங்களில், மிகப் பாதுகாப்பானவை என்று தரமதிப்பீட்டு நிறுவனங்கள் சான்றளித்த மேல்தட்டுப் பகுதியை வங்கி தன்னிடமே வைத்துக்கொண்டது. அவற்றில் ஒரு பகுதிக்கு, முதல் 2 முதல் 4 சதவீத நஷ்டத்துக்கு மட்டும் வெளியாரிடம் காப்பு வாங்கியது. பழைய விலைகளைப் புள்ளியியல் முறையில் அலசியபோது அவ்வளவு போதும் என்று தெரிந்ததாம். காப்பு வாங்கியதும் அந்தப் பத்திரங்கள் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவையாகக் கருதப்பட்டு, வார் கணக்கில் பூஜ்யமாயின. அபாயமே இல்லை என்று கணக்கு சொல்வதால், மேலும் மேலும் வாங்கத் தடையில்லை. 2008 ஏப்ரலில் வங்கி பங்குதாரர்களுக்கு அளித்த அறிக்கையே இதை விவரிக்கிறது.

கணக்குக்கு ஆதாரமான ஆண்டுகளில் அமெரிக்க வீட்டு விலைகள் பெரும்பாலும் ஏறிக்கொண்டே இருந்தன. நாடு முழுவதும் ஒரே சமயத்தில் விலை இறங்கிக் கடன்கள் வாராமல் போகும் நிலை அந்தத் தரவில் இல்லை. ஆகவே விடையிலும் இல்லை. 2007 முடிவில், அமெரிக்க வீட்டுக் கடன் சார்ந்த நஷ்டம் 1,870 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி அந்த மேல்தட்டுப் பத்திரங்களிலிருந்து வந்தது. 2008 அக்டோபரில் சுவிஸ் அரசு 600 கோடி ஃபிராங்க் மூலதனம் போட்டு வங்கியைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொரு தீமை அமைதியான காலத்திலேயே வேர்விடுகிறது. விலைகள் சலனமின்றி இருந்தால் வார் இறங்கும். எண் சிறிதானதும், அதே வரம்புக்குள் இன்னும் பெரிய தொகையைப் பந்தயம் கட்ட இடம் கிடைக்கும். சந்தை ஆடத் தொடங்கியதும் வார் தாவி ஏறும். வரம்பை மீறிய ஒவ்வொரு நிறுவனமும் விற்றாக வேண்டும். எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடும்போது வாங்க ஆள் இருக்காது, விலை இன்னும் விழும். சரிவை அளக்க வைத்த கருவி சரிவைத் தள்ளிவிடும் கையாகிறது. வாரின் குறைகளில் மிக ஆபத்தானது இதுவே.

பாசல் குழு பிறகு தன் விதியை மாற்றியது. மிக மோசமான 2.5 சதவீத நாட்களில் சராசரியாக எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்கிடும் 'எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால்' முறைக்கு வந்தது. சந்தை நெருக்கடி நிலவிய காலத்தின் தரவையும் சேர்க்கச் சொல்கிறது. இதுவும் கடந்த காலத்தையே நம்புகிறது என்றாலும், வாசலுக்கு உள்ளே எட்டிப் பார்க்கிறது.

வார் பயனற்றது என்று சொல்ல முடியாது. சாதாரண நாளில் எந்தப் பிரிவு அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஒப்பிட அது உதவும். ஆனால் ஒரு வங்கியின் ஆண்டறிக்கையில் இந்த எண்ணைப் பார்ப்பவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எத்தனை நாட்கள் எல்லை தாண்டியது, அந்த நாட்களில் எவ்வளவு போயிற்று, எந்த ஆண்டுகளின் தரவு இதற்கு அடிப்படை?