இருபதில் பதின்மூன்று

நிஃப்டி ஃப்யூச்சரில் டிரேடிங் செய்பவர் ஒருவர் புது உத்தி ஒன்றைக் களத்தில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவு போக, ஜெயித்தால் ஆயிரம் ரூபாய் வரும். தோற்றால் ஆயிரம் போகும். பழைய விலைகளில் சோதித்தபோது நூற்றுக்கு 55 முறை ஜெயித்தது. நிஜப் பணம் போட்ட முதல் 20 டிரேடில் 13 வெற்றி. அடுத்த வாரமே லாட்டை இரட்டிப்பாக்கக் கை பரபரக்கும்.

அந்த 13 வெற்றிக்கு எவ்வளவு கனம் என்று அளக்க ஒரு வழி உண்டு. இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேயஸ் எழுதிவைத்து, அவர் இறந்த பின் 1763இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை அது. புதுத் தகவல் வரும்போது முன்பிருந்த நம்பிக்கையைத் தூக்கி எறியாமல், அந்தத் தகவலின் கனத்தால் பெருக்கித் திருத்திக்கொள்வதுதான் அதன் சாரம்.

ஆகவே முதலில் ஒரு முன்நம்பிக்கை வேண்டும். 2022 முதல் 2024 வரை முடிந்த மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொல்கிறது. அது ஆட்களைப் பற்றிய கணக்கு, உத்திகளைப் பற்றியது அல்ல. ஆனாலும் புது உத்தியில் சரக்கு இருக்க 10 சதவீத வாய்ப்பு என்று தொடங்குவது தாராளம்தான். அதாவது, இருப்பதற்கு ஒரு பங்கு, இல்லாததற்கு ஒன்பது பங்கு.

இனி வேலை எளிது. சரக்குள்ள உத்தி நூற்றுக்கு 55 முறை ஜெயிக்கும், வெற்று உத்தி 50 முறை. எனவே ஒவ்வொரு வெற்றிக்கும் அந்த விகிதத்தை 1.1 ஆல் பெருக்க வேண்டும், ஒவ்வொரு தோல்விக்கும் 0.9 ஆல். பதின்மூன்று வெற்றியும் ஏழு தோல்வியும் சேர்ந்து தருவது 1.65 மடங்கு. பத்து சதவீதமாக இருந்த நம்பிக்கை பதினைந்தரைக்கு ஏறுகிறது. அவ்வளவுதான்! அடுத்து வரிசையாக ஐந்து தோல்வி வந்தால் மறுபடியும் பத்துக்கே இறங்கிவிடும்.

இன்னொன்று பலரை அதிரவைக்கும். உத்தி சொன்ன சொல் தவறாமல் நூறு டிரேடில் 55 ஜெயித்தாலும் பெருக்கல் அதே 1.65தான். இதே வேகத்தில் போனால் 500 டிரேடுக்குப் பிறகு 58 சதவீதம், ஆயிரத்தில்தான் 94. சின்னச் சாதகத்தை நிரூபிக்க அவ்வளவு காலம் பிடிக்கிறது.

கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஒரே காலையில் ஐந்து வங்கிப் பங்குகளை வாங்கி ஐந்திலும் லாபம் பார்த்தவர் 1.1 ஐ ஐந்து முறை பெருக்கக் கூடாது. வங்கித் துறை மொத்தமாக ஏறிய நாள் அது. சாட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆப்ஷன் விற்பவருக்கோ இந்த எண்ணிக்கையே உதவாது. இருபது சிறு லாபங்களை ஒரே நாளின் நஷ்டம் விழுங்கிவிடும் தொழில் அது. அங்கே வெற்றி தோல்வியை எண்ணாமல், ஒவ்வொரு டிரேடிலும் வந்த, போன தொகையை வைத்தே நம்பிக்கையைத் திருத்த வேண்டும். அந்தப் பெரிய நஷ்டம் இன்னும் கணக்கேட்டில் ஏறவில்லை என்றால், முன்நம்பிக்கையிலேயே அதற்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும்.