பாதி காலியான சிகரெட் பெட்டி!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரரின் கதை இது.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டது. மாணவன் ஒருவன் வந்தான்.

"அண்ணாச்சி, அப்பாவுக்கு ஒரு சிகரெட். ஒரு புதினா மிட்டாய்."

சற்று நேரத்தில் இன்னொருவன் வந்தான். அதே சிகரெட், அதே மிட்டாய்! இப்படி ஐந்து பேர். 10 சிகரெட் இருந்த பெட்டி பாதி காலி!

'அப்பாவுக்கு வாங்குகிறவனுக்கு, வாய் மணக்க மிட்டாய் எதற்கு?'

கடைக்காரருக்குத் திக்கென்றது. பெட்டியைப் பார்த்தார். அதில் புற்றுநோய் எச்சரிக்கைப் படம்! ஒவ்வொன்றாக விற்றதால், சிகரெட் பையன்களிடம் போனது. படம் கடையிலேயே தங்கிவிட்டது.

18 வயது ஆகாதவர்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். பள்ளிக்கூடத்தில் இருந்து 100 கஜ தூரத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. "அப்பாவுக்கு" என்று கேட்டாலும் சிறுவன் கையில் கொடுப்பது குற்றமே.

மறுநாள் அவர் சிகரெட் விற்பதை நிறுத்தினார். பற்ற வைப்பதற்காகத் தூணில் தொங்கிய கயிற்றையும் அவிழ்த்தார்.

சிகரெட்டுக்காக வந்த பெரியவர்கள் சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள். டீ வியாபாரமும் குறைந்தது. ஆனாலும் அந்தக் கயிறு மறுபடி தூணில் ஏறவில்லை.