கடைக்கு ஜெனரேட்டர்: கூலர் கிளம்பும் நொடிதான் கணக்கு

கடைகளுக்கு வாங்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகையில் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும்; ஒற்றை பல்பு எரிந்தாலும் அதே வேகம்தான். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் என்ஜின் தரும் மின்சாரத்தை ஒரு மின்னணுச் சுற்று வாங்கி, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸாகச் சீராக்கி வெளியே விடுகிறது. அதனால் லோடு குறையும்போது என்ஜினும் வேகம் குறைந்து ஓடலாம். வீட்டில் பேட்டரியோடு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் வேறு, இது வேறு.

எது வேண்டும் என்பதைக் கடையின் லோடுதான் சொல்லும். ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். 20 வாட் எல்.இ.டி. டியூப் நான்கு, 75 வாட் மின்விசிறி இரண்டு, பில் போடும் கம்ப்யூட்டரும் பிரின்டரும் சேர்ந்து 120 வாட், மின்னணுத் தராசு, கேமரா வகையறா 30 வாட். இதுவரை 380 வாட். குளிர்பானக் கூலர் ஓடும்போது இழுப்பது 250 வாட். மொத்தம் 630 வாட்தானே, 1 கே.வி.ஏ. போதும் என்று தோன்றும். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

கூலரின் கம்ப்ரசர் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். இந்தக் கூலர் கிளம்பும்போது 8 ஆம்பியர் என்றால், 230 வோல்ட்டில் அதுவே 1840 வி.ஏ. மற்ற 380-ஐயும் சேர்த்தால் 2200-ஐத் தாண்டும். ‘2 கே.வி.ஏ.’ என்று விற்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் பெரும்பாலும் தொடர்ந்து தருவது 1600 அளவுதான். 2000 என்பது சிறிது நேரத்துக்கான உச்சம். ஆகவே இந்தக் கடைக்குத் தொடர்ந்து 2.8 கே.வி.ஏ. தரும் ஜெனரேட்டரே சரி. சிறியதை வாங்கினால் விளக்குகள் மங்கும், கம்ப்ரசர் கிளம்பாமல் உறுமும், சில நொடியில் ‘டக்’கென்று கட் ஆகும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் கம்ப்ரசரின் காயில் கருகிவிடும். கிளம்பும் கரன்ட்டை இன்ரஷ் வசதியுள்ள கிளாம்ப் மீட்டரால் எலக்ட்ரீஷியன் அளந்து சொல்லிவிடுவார். வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கூலரே இல்லாத கடைக்கு, ஓரிரு மணி நேர மின்வெட்டுக்கு, பேட்டரி இன்வெர்ட்டரே போதும். ஜெனரேட்டர் வீண்செலவு.

கிளம்பும் ஒரு நொடிக்காகப் பெரிதாக வாங்கியது, மற்ற நேரமெல்லாம் கால் பங்கு லோடில் ஓடப்போகிறது. பெட்ரோல் கணக்கு இங்கேதான் மாறுகிறது. இந்த அளவுள்ள இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஈகோ நிலையில், கால் லோடில் மணிக்குச் சுமார் 0.65 லிட்டர் குடிக்கும். முழு வேகத்திலேயே ஓடும் சாதாரண ஜெனரேட்டர் ஏறத்தாழ 1 லிட்டர் கேட்கும். மாதம் ஒருமுறை, பராமரிப்புக்காக 5 மணி நேரம் கரன்ட் போகும் ஊரில் இதனால் மிச்சம் இரண்டு லிட்டருக்கும் குறைவு. அதற்காக இரு மடங்கு விலை கொடுப்பது கட்டுப்படியாகாது. தினமும் இரண்டு மணி நேரம் போகும் ஊரில் மாதத்துக்கு 21 லிட்டர் மிச்சமாகும். லிட்டர் ₹100 என்று வைத்தால் வருடத்துக்கு ₹25,000. அங்கே இன்வெர்ட்டர் வகையே லாபம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈகோ நிலையில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின், கூலர் திடீரென்று இழுக்கும்போது வேகமெடுக்கச் சற்று நேரமாகும். அதற்குள் ஓவர்லோடு விளக்கு எரிந்து சப்ளை நின்றுவிடலாம். அப்போது ஈகோவை அணைத்துத்தான் ஓட்ட வேண்டும். சொன்ன மிச்சமும் பெரும்பாலும் போய்விடும். தன் கூலரையே மாட்டி, ஈகோவில் நான்கைந்து முறை கிளம்ப விட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஐந்து நிமிடமாவது கம்ப்ரசருக்கு ஓய்வு தர வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, டெசிபல் எண்ணோடு தூரத்தையும் கேட்க வேண்டும். 7 மீட்டரில் அளந்த 58, ஒரு மீட்டரில் அளந்தால் 75 ஆகும், ஜெனரேட்டர் ஒன்றுதான். இந்திய விதிப்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல்தான் வரம்பு. குறைந்த லோடில் ஓடும் இன்வெர்ட்டர் வகை இதற்குள் எளிதில் அடங்கும். திறந்த சட்டத்தில் நிற்கும் சாதாரண வகை பக்கத்துக் கடைக்காரரைக் கத்திப் பேச வைக்கும்.

சத்தத்துக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ மறைத்து வைப்பவர்கள் உண்டு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிய சிறு கடையில் சில நிமிடங்களிலேயே ஆளை மயங்கச் செய்து உயிரைப் பறிக்கும். ஜெனரேட்டர் வெளியே, புகைக்குழாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். வெளியே வைக்க இடமில்லாத கடை ஜெனரேட்டரே வாங்கக் கூடாது.