அன்இன்ஸ்டால் செய்த பிறகும் மிச்சமிருப்பது என்ன?

குரல் பதிவுக்குப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஆடாசிட்டி. விண்டோஸ் கணினி ஒன்றில் அதன் பதிவுத் தரம் தெரியாமல் 8000 ஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டது என்று வையுங்கள். வழக்கமாக 44100 இருக்க வேண்டிய இடம் அது. 8000-இல் பதிவு செய்தால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளெல்லாம் விடுபட்டுப்போகும். குரல் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மங்கும். உடனே நாம் என்ன செய்வோம்? மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவோம். திறந்தால் அதே 8000 நிற்கும்.

ஏன் என்று புரிய, இன்ஸ்டாலர் செய்யும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கோப்பை இரண்டு முறை சொடுக்கியதும், கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. மென்பொருள்கள் குடியேறும் `C:\Program Files` உறையில் நிர்வாகி அனுமதி இல்லாமல் எதையும் எழுத முடியாது. அதற்காகத்தான் அந்தக் கேள்வி. 'யெஸ்' சொன்னதும் இன்ஸ்டாலர் தனக்குள் சுருக்கி வைத்திருக்கும் கோப்புகளை விரித்து அங்கே வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஒரு குறுக்குவழி போடுகிறது. ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் பதிவேட்டில் மென்பொருளின் பெயரையும், அதை நீக்க எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்பதையும் எழுதுகிறது. செட்டிங்ஸில் நாம் பார்க்கும் மென்பொருள் பட்டியல் இந்தக் குறிப்புகளிலிருந்துதான் உருவாகிறது.

இதற்கிடையே சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஆடாசிட்டியின் இன்ஸ்டாலர், இன்னோ செட்டப் என்ற கருவியால் ஆனது. அது தான் வைத்த கோப்பு, திறந்த உறை, எழுதிய பதிவு எல்லாவற்றையும் `unins000.dat` என்ற கோப்பில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறது. பக்கத்திலேயே இருக்கும் `unins000.exe`தான் நீக்கும் நிரல். 'அன்இன்ஸ்டால்' அழுத்தினால் அது இந்தக் குறிப்பைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்து, ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறது. உறையைக்கூட அது காலியாக இருந்தால்தான் அழிக்கும்.

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு இது புரியும். திரும்ப எடுக்க வரும் ஆள் கையில் பட்டியல் இருக்கும். அண்டா, கரண்டி, தாம்பாளம் என்று எண்ணி ஏற்றிக்கொண்டு போவார். அந்த அண்டாவில் நீங்கள் வைத்த சாம்பார் அவர் கணக்கில் வராது.

ஆடாசிட்டியின் விருப்ப அமைப்புகள் அந்தச் சாம்பார்தான். அவற்றை இன்ஸ்டாலர் கொண்டுவரவில்லை. மென்பொருள் முதன்முறை ஓடும்போது, உங்கள் பயனர் கணக்கின் கீழ் `%APPDATA%\audacity` என்ற உறையில் `audacity.cfg` என்ற கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நோட்பேடில் திறந்து பார்த்தால் நம் சிக்கல் இந்த வடிவில் உட்கார்ந்திருக்கும்:

```
[SamplingRate]
DefaultProjectSampleRate=8000
```

நீக்கும் நிரலின் குறிப்பில் இந்தக் கோப்பு இல்லை. அதனால் அது தொடவில்லை. மறுபடி நிறுவப்பட்ட மென்பொருள் பழைய கோப்பைக் கண்டு, அதன்படியே நடந்தது. இது மறதியால் நேர்வதன்று. புதிய பதிப்புக்காகப் பழையதை நீக்குபவருக்குத் தன் அமைப்புகள் பத்திரமாக இருக்க வேண்டும். ஒரே கணினியில் நான்கு பேருக்குக் கணக்கு இருந்தால் நான்கு பேருக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு இருக்கும். ஒருவர் அன்இன்ஸ்டால் செய்தார் என்பதற்காக மற்றவர்களுடையதை அழிப்பது முறையாகாது. நீங்கள் டாக்குமெண்ட்ஸில் சேமித்த ஒலிப்பதிவுகள் தப்புவதும் இதே விதியால்தான்.

வேறு சில மென்பொருள்கள் பொதுச் சொத்தையும் விட்டுப்போகும். பல மென்பொருள்கள் ஓடுவதற்கு மைக்ரோசாப்டின் விஷுவல் சி++ நூலகங்கள் தேவை. ஒரு மென்பொருள் அவற்றைக் கொண்டுவந்து நிறுவிய பின், இன்னும் இரண்டு மென்பொருள்கள் அவற்றை நம்பி ஓடத் தொடங்கியிருக்கலாம். முதலாவது போகும்போது அவற்றையும் எடுத்துப் போனால் மற்ற இரண்டும் திறக்காது. அதனால் அவை அப்படியே விடப்படுகின்றன.

மிச்சமிருக்கும் அமைப்புக் கோப்பு சும்மா கிடக்கும் எழுத்துதான். அதனால் கணினி வேகம் குறையாது. கணினி தொடங்கும்போதே ஓடும் நிரல் ஏதாவது எஞ்சியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதை டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் பார்க்கலாம். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகள் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. தேவையான பதிவு ஒன்று போனால் வேறொரு மென்பொருள் படுத்துவிடும்.

நம் 8000 சிக்கலுக்கு அன்இன்ஸ்டாலே தேவையில்லை. ஆடாசிட்டியை மூடுங்கள். விண்டோஸ் விசையோடு R அழுத்தி, `%appdata%` என்று தட்டி, திறக்கும் இடத்தில் `audacity` உறையின் பெயரை `audacity-old` என்று மாற்றுங்கள். அடுத்த முறை திறக்கும்போது மென்பொருள் பழைய கோப்பைக் காணாமல் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். தரம் 44100-க்குத் திரும்பியிருக்கும்.